குற்றாலமா, கிண்டியா? பிள்ளையோடு போகும் பணமும் கல்லூரியோடு நிற்கும் பணமும்

வீரகேரளம்புதூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். கணிதம் அவளுக்கு நன்றாக வரும். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கூலி வேலைக்குப் போகிறார். அவளைப் போன்ற பெண்கள் இந்த வட்டாரத்தில் ஆண்டுதோறும் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வருகிறார்கள். கோடை விடுமுறையில் அவர்கள் வீடுகளில் எழும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். பக்கத்தில் படிப்பதா, தூரத்துக்குப் போவதா?

பக்கத்தில் இருப்பது குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. 1964இல் தொடங்கப்பட்டு, இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் நடக்கும் அரசு உதவி பெறும் கல்லூரி அது. தென்காசியில் பஸ் மாறினால் போதும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. அங்கே பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழும்.

தூரத்தில் இருப்பது சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே செலுத்துகிறது. நம் பெண்ணின் கட்-ஆஃப் அந்த இடத்தை எட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டையும் எடைபோடும்போது வீட்டில் எழும் பேச்சு இப்படித்தான் இருக்கும். “குத்தாலத்துல படிச்சா மாசம் ஆயிரம் கைக்கு வருது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவா. மெட்ராசுக்குப் போனா கைக்கு என்ன வரும்? நம்ம கைக்காசுல்லா போவும்?” என்பார் சித்தி. அவர் பேச்சில் உண்மையான அக்கறை இருக்கிறது, ஆனால் கணக்கு தவறிவிட்டது.

ஆயிரம் ரூபாய் யாருடையது?

உதவித்தொகைகள் இரண்டு வகை. ஒன்று கல்லூரிக்கும் படிப்புக்கும் உரியது. குறிப்பிட்ட இடத்தில் சேர்ந்தால் மட்டுமே அது கிடைக்கும். மற்றொன்று பிள்ளைக்கு உரியது. அவள் யார், எந்தப் பள்ளியில் படித்தாள், அம்மா என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்த்துத் தரப்படுவது.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதே அதில் நம் பெண்ணுக்கான தகுதி. பட்டப் படிப்பு, பட்டயப் படிப்பு, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை தொகை வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. ஆகவே குற்றாலத்தில் அவளுக்குக் கிடைக்கும் அதே ஆயிரம் ரூபாய் கிண்டியிலும் கிடைக்கும். குற்றாலத்தில் மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய், கிண்டியில் நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய்.

சித்தி குற்றாலத்தின் பக்கம் மட்டும் எழுதிய வரவை இரு பக்கமும் எழுதிவிட்டால், வித்தியாசம் வேறாகத் தெரியும். குற்றாலத்தின் பலம் வீட்டுச் சாப்பாடும், தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும். கிண்டியின் பலம் விடுதிச் செலவை அரசு ஏற்பது. அங்கே குடும்பத்தின் பொறுப்பில் மிஞ்சுவது போக்குவரத்து, துணிமணி, நோட்டுப் புத்தகம், கைச்செலவு. மாதம் ஆயிரம் ரூபாய் அதில் பெரும் பகுதியைத் தாங்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு உதவியும் உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் நலத்துறை வழங்கும் தொகை பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். இதுவும் பிள்ளையோடு போகும் பணம்தான். ஆனால் வேறு உதவித்தொகை பெறுபவருக்கு இது இல்லை என்ற நிபந்தனை இதில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் தொழிலாளர் நல மருந்தகத்தில் கேட்டுத் தெளிவதே நல்லது. கையில் வரும் வரை இதை உறுதியான வரவாக எழுதக் கூடாது.

கலந்தாய்வு வரை காத்திருக்க முடியுமா?

கணக்கு தெளிந்த பிறகும் காலண்டர் குறுக்கே நிற்கும். கலைக் கல்லூரிச் சேர்க்கை மே, ஜூன் மாதங்களிலேயே நடந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில்தான் சூடுபிடிக்கும். குற்றாலத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கிண்டி கிடைக்குமா என்பதே தெரியாது. உள்ளதையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் பல பெண்கள் கலந்தாய்வுக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. குற்றாலத்தில் சேர்ந்துகொண்டே கலந்தாய்வுக்குக் காத்திருக்கலாம். 2024-25ஆம் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அறிவித்த விதிப்படி, செப்டம்பர் 30க்குள் சேர்க்கையை ரத்து செய்தவர்களுக்குக் கல்லூரி முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. சேரும் ஆண்டில் என்ன தேதி என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பது இன்னும் முக்கியம். மாணவியின் தரவரிசைக்கு எட்டக்கூடியவற்றில், அவள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் கணினி ஒதுக்கும். கிண்டி எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்து உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியை முதலில் எழுதினால், கிண்டிக்கான தரவரிசை இருந்தும் உள்ளூர்க் கல்லூரியே வந்து சேரும். பட்டியலை ஆசையின் வரிசையில் எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

எப்போது தடுக்கும்?

பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். புதுமைப் பெண் தொகை, கல்லூரி வழியாக விண்ணப்பித்து, பள்ளியின் எமிஸ் விவரம் சரிபார்க்கப்பட்ட பிறகே வரத் தொடங்கும். குற்றாலத்தில் பெயர் பதிவாகியிருந்தால் அங்கிருந்து விலகும்போது அந்தப் பதிவை நீக்கச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய கல்லூரியில் சிக்கல் வரும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தோமோ அங்கேதான் அரசுப் பணம் போகும். பள்ளிக் காலத்தில் திறந்து பயன்படுத்தாமல் விட்ட கணக்குக்குத் தொகை போய்விட்டு, ‘பணமே வரவில்லை’ என்று அலைபவர்கள் உண்டு. ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் இனிஷியல் வேறுபட்டாலும் விண்ணப்பம் நிற்கும். இவற்றையெல்லாம் மே மாதத்திலேயே சரி செய்துவிடலாம். பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், பெட்டி, வாளி, போர்வை, முதல் மாதங்களின் கைச்செலவு ஆகியவற்றுக்கு மட்டும் குடும்பம் முன்கூட்டியே பணம் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

பணத்தை இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகு நம் பெண்ணின் முன் நிற்பது படிப்பைப் பற்றிய கேள்வி. கணித ஆசிரியராக வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால் குற்றாலமே நேர்வழி. பி.எஸ்சி., பி.எட். என்று அது நீளும், வீட்டின் துணையும் இருக்கும். இயந்திரங்களும் கணினியும்தான் ஆசை என்றால், கிண்டி தரும் ஆய்வகங்களும் வேலைவாய்ப்பும் ஒரு இரவு ரயில் பயணத்துக்குத் தகுந்தவை. ஆங்கிலத்தில் நடக்கும் முதல் பருவம் தமிழ்வழி மாணவிக்குக் கடினமாக இருக்கும், படிப்பும் ஓராண்டு கூடுதல். இரண்டையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நம் பெண் பொறியியலைத்தான் விரும்புகிறாள் என்றால் அவள் செய்ய வேண்டியவை இவைதான். மே மாதத்தில் இரு விண்ணப்பங்களையும் போடுகிறாள். ஜூனில் குற்றாலத்தில் சேருகிறாள். கலந்தாய்வில் கிண்டியை முதலில் எழுதுகிறாள். இடம் வந்தால் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறாள், வராவிட்டால் குற்றாலத்து வகுப்பைத் தொடர்கிறாள். ஆயிரம் ரூபாய் எங்கே கிடைக்கும் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. அது அவள் பின்னாலேயே வரும்.