உஷார்! நீட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில் தினம் ஒரு வினாத்தாளா?

நீட் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம். "இனிமேல் படிக்க எதுவுமில்லை, தினம் ஒரு வினாத்தாள் போடு" என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அப்படியே கேட்டுவிடாதீர்கள். படித்தது கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தில்தான்.

முதலில் நேரக் கணக்கு. 180 கேள்விகள், 3 மணி நேரம். எழுதி முடித்ததும் வேலை முடிவதில்லை. தவறிய ஒவ்வொரு கேள்வியையும், தெரியாமல் விட்டதையும், குருட்டாம்போக்கில் சரியானதையும் புத்தகத்தில் தேடிப் பார்க்க இன்னும் 4 மணி நேரமாவது ஆகும். ஒரு நாளில் 11 மணி நேரம் படிப்பவருக்கு மிஞ்சுவது வெறும் 4 மணி நேரம். அதற்குள் மூன்று பாடங்களின் இரண்டு வருடப் பகுதியையும் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் பிள்ளைகள் அந்தத் திருத்தும் வேலையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை தாள் எழுதுவது என்பதை உங்கள் தவறுகளிடம் கேளுங்கள். ஒரு மாணவி 110 சரி, 45 தவறு, 25 விட்டது என்று வைத்துக்கொள்வோம். சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஆக 440-இல் 45 போய் 395 மார்க். தவறிய 45-ஐயும் காரணம் வாரியாகப் பிரிக்கிறார். பாடமே மறந்ததால் தவறியவை 26. கேள்வியைச் சரியாகப் படிக்காமலோ, ஓஎம்ஆரில் வட்டத்தை மாற்றி நிரப்பியோ போனவை 11. துணிந்து அடித்து வீணானவை 8. விட்ட 25-இல் 20 தெரியாதவை, 5 நேரமில்லாமல் போனவை.

அதாவது கைவிட்டுப் போன 70 கேள்விகளில் 46 பாடம் தெரியாததால் போனவை. இன்னும் பத்து தாள் எழுதினாலும் இந்த 46 மாறாது. வினாத்தாள் பழகுவதால் திருந்துவது அந்த 11-ம், 8-ம், 5-ம் மட்டுமே. 46-ஐ அத்தியாயம் வாரியாகக் குறித்தால், அதில் 18 கேள்விகள் நான்கே பாடங்களில் குவிந்திருக்கின்றன: மின்னோட்டவியல், வெப்ப இயக்கவியல், ஆல்டிஹைடு-கீட்டோன், மரபியல். இவருக்கு அடுத்த மூன்று நாள் தாளே வேண்டாம். இந்த நான்கையும் என்சிஇஆர்டி புத்தகத்தில் வரிவரியாகப் படித்து, அந்தப் பாடங்களின் பழைய கேள்விகளை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த முழுத்தாளுக்குப் போகட்டும்.

என் கணக்கு இதுதான். தவறுகளில் பாதிக்கு மேல் பாடம் தெரியாததால் வந்தவை என்றால் வாரத்துக்கு இரண்டு முழுத்தாள் போதும், மாதத்துக்கு எட்டு. அவசரத்தாலும் நேரத்தாலும் போனவையே அதிகம் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதலாம். எழுதுவது பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை இருக்கட்டும், தேர்வு நடக்கும் நேரம் அது. கடைசி நான்கு நாளில் முழுத்தாளே வேண்டாம். அதில் வரும் குறைந்த மார்க்கைச் சரிசெய்ய நாள் இருக்காது, பயம்தான் மிஞ்சும்.

இன்னொரு பொறி பழைய தாள்களிலேயே இருக்கிறது. 2024-இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், செரித்தல் போன்ற பகுதிகள் நீங்கின. 2023 வரையிலான தாள்களில் அவை இருக்கும். அந்தக் கேள்விகளை அடித்துவிட்டு, அதற்கேற்ப நேரத்தையும் குறைத்து எழுதுங்கள். நம் மாநிலப் பாடநூலில் இவற்றைப் படித்த பிள்ளைகள் இங்கே நாள்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்விகள், அதில் 180-ஐத் தேர்ந்தெடுத்து எழுதலாம். 2025-இல் அந்தச் சலுகை போய், 180 கேள்விகளும் கட்டாயமாகின. சாய்ஸ் இருந்த தாளில் வாங்கிய மார்க்கை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே போட்ட தாளைத் திரும்பப் போட்டு 600 வாங்கினாலும் மகிழ வேண்டாம். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று சொல்ல முடிகிறதா என்று உங்களையே கேளுங்கள். முடியவில்லை என்றால் விடை மனப்பாடம் ஆகியிருக்கிறது, பாடம் புரியவில்லை.

பெற்றோரே, மாலையில் பிள்ளையிடம் "இன்னிக்கு எவ்வளவு மார்க்?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாடத்தில் தவறியது, அதைத் திரும்பப் படித்தாயா?" என்று கேளுங்கள்.