ஆறு விடைகள், நான்கு மூலைகள்

ஒரு தச்சுப்பட்டறையில் 8 பலகைகள் இருக்கின்றன. ஆளுக்கு 12 மணி நேரம் கையில் இருக்கிறது. நாற்காலி ஒன்றுக்கு 1 பலகையும் 3 மணி நேரமும் ஆகும். மேசை ஒன்றுக்கு 2 பலகையும் 2 மணி நேரமும் ஆகும். நாற்காலியில் 300 ரூபாயும் மேசையில் 400 ரூபாயும் லாபம். எதை எத்தனை செய்தால் லாபம் அதிகம்?

நேரியல் திட்டமிடல் என்ற கணிதப் பிரிவு இத்தகைய கேள்விகளுக்காகவே பிறந்தது. அது முதலில் மிச்சத்துக்கும் ஒரு பெயர் வைக்கிறது. நாற்காலிகள் x, மேசைகள் y, மீந்த பலகைகள் s, மீந்த மணி நேரம் t என்று வைத்துக்கொண்டால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்:

x + 2y + s = 8
3x + 2y + t = 12

தெரியாதவை நான்கு, சமன்பாடுகளோ இரண்டுதான். ஆகவே விடைகளுக்கு முடிவே இல்லை. ஆனால் நான்கில் ஏதேனும் இரண்டைப் பூஜ்ஜியம் என்று வைத்துவிட்டால், மீதி இரண்டையும் இரண்டு சமன்பாடுகளே பிடித்துக் கொடுத்துவிடும். இப்படிக் கிடைப்பதற்கு அடிப்படைத் தீர்வு என்று பெயர். நான்கிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் உண்டு; எனவே ஆறு தீர்வுகள்:

x = 0, y = 0 என்றால் s = 8, t = 12
x = 0, s = 0 என்றால் y = 4, t = 4
x = 0, t = 0 என்றால் y = 6, s = −4
y = 0, s = 0 என்றால் x = 8, t = −12
y = 0, t = 0 என்றால் x = 4, s = 4
s = 0, t = 0 என்றால் x = 2, y = 3

மூன்றாவது வரியைப் பாருங்கள். 12 மணி நேரத்தையும் மேசைக்கே செலவிட்டால் 6 மேசைகள் செய்யலாம் என்கிறது கணக்கு. அதற்கு 12 பலகைகள் வேண்டும், இருப்பதோ 8. அந்த −4 என்பது பற்றாக்குறையான நான்கு பலகைகள். நான்காவது வரியும் அப்படித்தான்: 8 நாற்காலிக்கு 24 மணி நேரம் ஆகும், அதில் 12 இல்லை. இரண்டும் சமன்பாட்டுக்குச் சரியான விடைகளே, பட்டறைக்கு மட்டும் உதவாதவை. குறை எண் ஒன்று வந்தாலும் அந்தத் தீர்வு ஏற்பற்றது. எல்லா மதிப்பும் பூஜ்ஜியமோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்புடையது.

வரைபடத் தாளில் வரைந்தால் இது கண்ணுக்கே தெரியும். நான்கு கோடுகள் ஆறு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அவற்றில் நான்கு, செய்யக்கூடிய திட்டங்கள் அடங்கிய பரப்பின் மூலைகள்; இரண்டு அந்தப் பரப்புக்கு வெளியே விழுகின்றன. இத்தகைய கணக்கில் உச்ச லாபம் ஒன்று இருக்குமானால் அது ஏதாவதொரு மூலையில் கிடைத்துவிடும். ஆகவே நான்கு மூலைகளைப் பார்த்தாலே போதும். லாபம் முறையே 0, 1600, 1200, 1800 ரூபாய். 2 நாற்காலி, 3 மேசை என்பதே சிறந்த திட்டம்.

தேர்வுகளின் எண்ணிக்கையும் தீர்வுகளின் எண்ணிக்கையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வேலை நேரம் 12-க்குப் பதில் 8 மணி என்று வையுங்கள். x, s இரண்டையும் பூஜ்ஜியமாக்கினால் y = 4, t = 0. x, t-ஐ எடுத்தாலும், s, t-ஐ எடுத்தாலும் வந்து சேர்வது அதே 4 மேசைகள்தான். மூன்று தேர்வுகள், ஒரே புள்ளி. நாம் பூஜ்ஜியமாக்காத ஒன்று தானாகவே பூஜ்ஜியமாகி நிற்பதுதான் இதற்கு அடையாளம். இரண்டு கோடுகள் இணையாக ஓடினால் அந்தத் தேர்வுக்கு வெட்டுப்புள்ளியே கிடையாது. ஆகவே ஆறு என்பது உச்சவரம்பு மட்டுமே.

கணக்கு பெரிதானால் இந்த வரம்பு மலைக்க வைக்கும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் ஒரு கேள்வியை வெளியிட்டார்: 77 உணவுப் பொருள்களிலிருந்து, 9 சத்துத் தேவைகளையும் நிறைவு செய்யும் மிக மலிவான உணவு எது? தேவைக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு மாறியைச் சேர்த்தால் மாறிகள் 86, சமன்பாடுகள் 9. பூஜ்ஜியமாக்க வேண்டியவை 77. அதைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஏறக்குறைய 46 ஆயிரம் கோடி.

அத்தனையையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, ஏற்புடைய ஒரு மூலையில் தொடங்கி, பூஜ்ஜியமாக இருக்கும் ஒன்றையும் இல்லாத ஒன்றையும் இடம் மாற்றி, செலவு குறையும் பக்கத்து மூலைக்குப் போகிறது. ஏற்பற்றவற்றை அது தொடுவதே இல்லை. அதே ஆண்டு ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணிப்பான்களோடு இம்முறையில் உட்கார்ந்தார்கள். மொத்தம் சுமார் 120 ஆள்-நாள் உழைப்பு. ஆண்டுக்கு 39.69 டாலர் என்று விடை வந்தது. ஸ்டிக்லர் ஊகமும் கணிப்புமாக எட்டியிருந்தது 39.93 டாலர். அடிப்படைத் தீர்வில் 77 மாறிகள் பூஜ்ஜியம் என்பதால், அந்த மலிவு உணவில் ஒன்பதுக்கு மேல் பொருள்கள் இடம்பெறத் தேவையில்லை என்பது கணக்கைப் போடுவதற்கு முன்பே தெரிந்திருந்தது.