நீண்ட அறிவிப்பும் நான்கு வரி எச்சரிக்கையும்

பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற ஒரு நிறுவனம் வெளியிடும் அறிவிப்பு, பெரும்பாலும் சட்டம் அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அதனை மண்டபப் பலகையில் ஒட்டும்போது நாம் சுருக்கியே தீரவேண்டும். டக்காத்தா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளின் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம்.

2014-ஆம் ஆண்டு ஜூலையில், சரவாக்கில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச்சென்ற கர்ப்பிணி ஒருவர், விபத்தில் விரிந்த காற்றுப்பையிலிருந்து தெறித்த உலோகத் துண்டு கழுத்தில் பாய்ந்து இறந்தார். காற்றுப்பையை ஊதும் இரும்புக் கூட்டினுள் அம்மோனியம் நைட்ரேட் வைக்கப்பட்டிருந்தது. நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, கூட்டையே உடைத்துவிடும். கோலசிலாங்கூரின் கடலோரப் புழுக்கத்தில் வெயிலிலேயே நிற்கும் கார்களுக்கு இது பொருந்தாது என்று எவரும் சொல்ல இயலாது.

இத்தகைய அறிவிப்புகளில் 'காற்றூதியின் செயற்பாட்டில் இயல்புக்கு மாறான நிலை', 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை' போன்ற சொற்றொடர்கள் மலிந்திருக்கும். இவற்றைப் படிப்பவர், பை விரியாமல் போகும் என்றே எண்ணிக்கொள்வார். உண்மையோ நேர்மாறானது: பை விரியும், அதனுடன் இரும்பும் சிதறும். ஆகவே 'பழுது ஏற்படலாம்' என்று நிறுத்திக்கொள்ளாமல், யாருக்கு, எவ்விடத்தில் காயம் என்பதைச் சொல்லவேண்டும். நாம் எழுதக்கூடியது இது:

'உங்கள் பழைய ஹோண்டா காரின் காற்றுப்பை விபத்தில் வெடித்து இரும்புத் துண்டுகளைத் தெறிக்கச் செய்யலாம். அவை ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். பதிவுச் சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணை ஹோண்டா சேவை மையத்தில் காட்டுங்கள். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.'

பழுது, ஆபத்து, செய்யவேண்டியது ஆகிய மூன்றும் வந்துவிட்டன. டக்காத்தாவின் வரலாறும், அது 2017-இல் நொடித்துப்போனதும் இங்குத் தேவையில்லை. ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை விட்டுவிடலாகாது. செலவுக்கு அஞ்சியே பலர் சேவை மையத்தை எட்டிப்பார்ப்பதில்லை.

இடமிருப்பின் இன்னொரு வரி சேர்க்கலாம்: 'எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் காட்டுங்கள்.' அவ்விளக்கு மின்னிணைப்பைத்தான் கவனிக்கிறது. கூட்டினுள் இருக்கும் மருந்து கெட்டுப்போனதை அது அறியாது.

தோட்டப்புறக் கார்கள் மூன்று நான்கு கைகள் மாறியவை. நிறுவனத்தின் கடிதம் பழைய உரிமையாளரின் வீட்டிற்கே போய்ச் சேர்ந்திருக்கும். அன்றியும், 'ஆஃப்கட்' கடையில் வாங்கிய ஸ்டீயரிங்கைப் பொருத்தியிருந்தால் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு எதுவும் தெரியவராது. அத்தகைய காரை நேரில் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லவேண்டும். பட்டறையில் தாமே கழற்றிப் பார்ப்பது கூடாது. கழற்றும்போது வெடித்தாலும் காயம் அதேதான்.