தோரணத்துக்குப் பின்னால் ஒரு வயல்: கேன்வாவில் பள்ளிப் பொங்கல் போஸ்டர்

பள்ளி விழா போஸ்டர்கள் பெரும்பாலும் பழைய போஸ்டரிலிருந்தே பிறக்கின்றன. போன ஆண்டு விழாவுக்குச் செய்த போஸ்டர் கேன்வாவில் கிடக்கிறது. பள்ளியின் பெயர், சின்னம், முகவரி எல்லாம் சரியான எழுத்தில், சரியான இடத்தில் இருக்கின்றன. இப்போது ஜனவரி வந்துவிட்டது, சமத்துவப் பொங்கலுக்குப் போஸ்டர் வேண்டும். மேடை விளக்குகளும் நீல நிறமும் போய், வயலும் கரும்பும் தோரணமும் வர வேண்டும். இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, முதன்முறையாகக் கேன்வாவைத் திறப்பவருக்குப் புரியும்படி முழுவதும் செய்து பார்க்கலாம். கேன்வா 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய வடிவமைப்புச் செயலி. கணினியின் பிரவுசரிலும் கைபேசியிலும் இயங்கும். நமக்குத் தேவையானதை இலவசக் கணக்கிலேயே செய்துவிடலாம்.

பழைய போஸ்டரைத் திறந்ததும் முதலில் File மெனுவில் Make a copy கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வா நாம் செய்யும் மாற்றங்களை உடனுக்குடன் தானாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். மூலத்தில் கை வைத்தால் ஆண்டு விழா போஸ்டரே பொங்கல் போஸ்டராகிவிடும்.

இனி பின்னணி. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். திரையில் பின்னால் தெரிவதெல்லாம் கேன்வாவின் கணக்கில் பின்னணி அல்ல. மேஜையில் ஒட்டிவிட்ட சார்ட் தாளும் அதன்மேல் ஒட்டாமல் வைத்த வெட்டுப்படங்களும் போல இரண்டு வகை இருக்கின்றன. உண்மையான பின்னணி பக்கத்தோடு ஒட்டியிருக்கும், அதை இழுத்து நகர்த்த முடியாது. மற்றவையெல்லாம் அதன்மேல் மிதப்பவை. பல டெம்ப்ளேட்டுகளில் பெரிய படம் ஒன்றைப் பக்கம் முழுவதும் விரித்துப் பின்னால் வைத்திருப்பார்கள். பார்வைக்கு அது பின்னணிபோலவே இருக்கும்.

எது எது என்று கண்டுபிடிக்க, காலியாக இருக்கும் ஒரு மூலையில் ஒருமுறை சொடுக்குங்கள். நான்கு மூலைகளிலும் சிறு வட்டப்பிடிகள் தோன்றி, இழுத்தால் படம் நகர்ந்தால் அது மிதக்கும் படம். Delete அழுத்தினால் போய்விடும். பிடிகள் இல்லாமல் பக்கத்தைச் சுற்றிக் கோடு மட்டும் வந்தால் அதுதான் பின்னணி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதும் உண்டு. அப்போது மேலே இருக்கும் படத்தை நீக்காமல் கீழே இருக்கும் பின்னணியை எத்தனை முறை மாற்றினாலும் திரையில் ஒன்றும் மாறாது. ‘மாத்திட்டேன், ஆனா வரமாட்டேங்குது’ என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

பழையதை நீக்கியாயிற்று. இடப்பக்கப் பட்டையில் Elements திறந்து, தேடும் பெட்டியில் sugarcane field அல்லது paddy field என்று கொடுத்து, Photos பகுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிரீடக் குறி உள்ள படங்கள் கட்டணக் கணக்குக்கு உரியவை. தேடும்போதே வடிகட்டியில் Free என்பதைத் தேர்ந்துகொண்டால், கடைசி நேரத்தில் பணம் கேட்டு நிற்காது. பள்ளி ஆசிரியர் என்று சான்று காட்டினால் Canva for Education கணக்கு இலவசமாகவே கிடைக்கும். கட்டணப் படங்களில் பெரும்பகுதி அதில் திறந்துவிடும். போஸ்டர் வேலை தொடர்ந்து வரும் பள்ளிகள் இதை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

தேர்ந்த படம் பக்கத்தின் நடுவில் வந்து மிதக்கும். அதன்மேல் வலச் சொடுக்கு கொடுத்தால் வரும் பட்டியலில் Set image as background இருக்கும். ஏற்கெனவே பின்னணிப் படம் இருந்தால் Replace background என்று வரும். அதைத் தேர்ந்ததும் படம் விரிந்து பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மனம் மாறினால் பின்னணியின்மேல் வலச் சொடுக்கிட்டு Detach image from background கொடுத்து மறுபடி மிதக்க விடலாம். வரைபட வகைப் படங்களுக்கு இந்த வரி வராமல் போகலாம். அப்போது படத்தை மூலையைப் பிடித்துப் பக்கம் முழுவதும் விரித்து, Position பொத்தானில் To back கொடுத்து, நகராதபடி Lock செய்துவிடுங்கள். கைபேசியில் வலச் சொடுக்குக்குப் பதிலாக, படத்தைத் தொட்டதும் வரும் மூன்று புள்ளிகளில் இதே வரிகள் இருக்கும்.

படம் எடுக்கும்போதே ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். போஸ்டர் நெட்டுவாக்கில் நிற்கிறது, வயல் படங்களோ பெரும்பாலும் கிடைமட்டமானவை. மூன்றுக்கு இரண்டு விகிதமுள்ள கிடைமட்டப் படம் A3 நெட்டைத் தாளை நிரப்பும்போது அதன் அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே கண்ணில் படும். எந்தப் பாதி தெரிய வேண்டும் என்பதை, பின்னணியை இருமுறை சொடுக்கி, படத்தை இடமும் வலமும் இழுத்து நாமே முடிவு செய்யலாம். பள்ளி மைதானத்தில் எடுத்த சொந்தப் படத்தை Uploads வழியாக ஏற்றினால் இன்னும் அழகு. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை ஏற்ற வேண்டாம். அது சுருங்கி நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு வந்திருக்கும். அதை 42 சென்டிமீட்டர் உயரத் தாளில் விரித்தால் கரும்புத் தோகை ஒவ்வொன்றும் மங்கும். எடுத்தவரிடம் கேட்டு, Document ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள கைபேசிப் படம் A3-க்குத் தாராளம்.

இப்போது வயல் வந்துவிட்டது, எழுத்து காணாமல் போய்விட்டது. நீலப் பின்னணியில் பளிச்சென்று இருந்த வெள்ளை எழுத்து, வெளிர்வானத்திலும் பச்சைத் தோகையிலும் கரைந்துவிடும். பின்னணி மாற்றுவதில் பாதி வேலை இனிமேல்தான் இருக்கிறது. எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதால் பயன் குறைவு. படத்தில் வெளிச்சமும் நிழலும் மாறிமாறி வருவதால் எந்த நிறமும் எங்காவது ஓரிடத்தில் மறையும். எழுத்துக்குப் பின்னால் அமைதியான ஓர் இடம் உண்டாக்குவதே வழி.

விசைப்பலகையில் R அழுத்தினால் ஒரு செவ்வகம் வரும். அதை எழுத்துப் பகுதி அளவுக்கு இழுத்து, வெளிர் மஞ்சள் நிறம் கொடுத்து, மேலே உள்ள சதுரங்கக் கட்டம்போன்ற Transparency குறியில் 80 வரை இறக்குங்கள். இந்த எண்ணில் 100 என்றால் முழுத்திண்மை, 0 என்றால் கண்ணுக்கே தெரியாது. பெயரைப் பார்த்துத் தலைகீழாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. செவ்வகம் எழுத்தை மறைத்தால் Position திறந்து Layers பட்டியலைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அங்கே மேலிருந்து கீழாக வரிசையில் இருக்கும். செவ்வகத்தின் வரியைப் பிடித்து எழுத்துகளுக்குக் கீழே இழுத்துவிட்டால் சரியாகிவிடும். செவ்வகத்துக்கு மேல் கருஞ்சிவப்பு எழுத்து வைத்தால், வயலும் மங்கலாகத் தெரியும், விழா நேரமும் தெளிவாகத் தெரியும். தமிழ் எழுத்துருவுக்கு Catamaran, Hind Madurai போன்றவற்றைத் தேடிப் பாருங்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ தெரிந்தால் அந்த எழுத்துரு தமிழுக்கு உரியதல்ல, உடனே மாற்றிவிடுங்கள்.

அலங்காரத்துக்கு வருவோம். நான் பார்க்கும் பள்ளி போஸ்டர்களில் பல இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன. பானை, கரும்பு, மாடு, சூரியன், கோலம், பட்டம், பலூன் என்று கிடைத்ததெல்லாம் பக்கத்தில் இறங்கி, எழுத்து இடுக்கில் ஒதுங்கி நிற்கிறது. இந்தப் போஸ்டருக்கு நான்கு பொருள் போதும்: மேலே தோரணம், இருபுறமும் கரும்பு, கீழே ஒரு பானை, அதன் அடியில் கோலம். நடுப்பகுதி எழுத்துக்கு மட்டும்.

Elements-இல் toran அல்லது mango leaves garland என்று தேடினால் மாவிலைத் தோரணம் கிடைக்கும். பக்கத்தின் அகலத்துக்கு அது எட்டாவிட்டால், பக்கவாட்டுப் பிடியை இழுப்பது பெரும்பாலும் பயன்படாது. பெரும்பாலான படங்களில் அந்தப் பிடி படத்தை வெட்டும், நீட்டாது. மூலைப் பிடியை இழுத்தால் உயரமும் கூடவே பெருத்துவிடும். Ctrl+D அழுத்தி ஒரு நகல் எடுத்து, பக்கத்தில் பொருத்தி, Flip-இல் கிடைவாட்டாகத் திருப்புங்கள். இணைப்பு தெரியாது. கரும்புக்கும் இதே முறைதான். ஒன்றை இட ஓரத்தில் நிறுத்தி, நகலைத் திருப்பி வல ஓரத்தில் நிறுத்துங்கள். அடிப்பகுதி தாளின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டிப் போகட்டும். வெளியே நீளும் பகுதி அச்சில் வராது. அப்போதுதான் கரும்பு அந்தரத்தில் தொங்காமல் தரையில் ஊன்றியதாகத் தோன்றும்.

நான்கு பொருளும் ஒரே கையில் வரைந்தவையாக இருக்க வேண்டும். நீர்வண்ணத் தோரணத்துக்குக் கீழே பளபளக்கும் முப்பரிமாணப் பானை வைத்தால், எங்கோ வெட்டி ஒட்டியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பிடித்த பானை கிடைத்ததும் அதன் மூன்று புள்ளிகளில் See more like this பாருங்கள், அதே பாணியில் மற்றவை வரும். சில வரைபடங்களைத் தேர்ந்ததும் மேலே நிறக் கட்டங்கள் தோன்றும், அவற்றின் நிறத்தை மாற்றலாம். கோலத்தை அப்படிப்பட்டதாகத் தேடி, தலைப்பின் கருஞ்சிவப்பையே அதற்கும் கொடுத்தால் மேலும் கீழும் ஒட்டிப்போகும். நிறக் கட்டம் வராத படத்தை வண்ணம் மாற்ற மெனக்கெட வேண்டாம், வேறு தேடுங்கள். எல்லாம் அமைந்ததும் அலங்காரங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து Lock செய்துவிட்டால், பிறகு நேரத்தைத் திருத்தப் போகும்போது தோரணம் கையோடு வந்துவிடாது.

கொடுப்பதற்கு முன் திரையின் கீழே உள்ள அளவை 25 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். வராந்தாவின் மறுமுனையிலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ‘சமத்துவப் பொங்கல்’ என்பதும் தேதியும் படிக்க வந்தால் போதும். வராவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடமில்லை என்றால் பானையைச் சிறிதாக்குங்கள்.

அச்சுக்கடைக்கு Share, பிறகு Download, அதில் PDF Print. கீழே Flatten PDF என்ற கட்டத்தில் குறியிடுங்கள். கடைக்காரரின் கணினியில் தமிழ் எழுத்து உடைவதை இது தவிர்க்கும், ஏனென்றால் கோப்பு முழுவதும் ஒரே படமாகிவிடுகிறது. பெற்றோர் குழுவில் பகிர PNG போதும். திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் சற்று மங்கியே வரும், மையின் இயல்பு அது. அதனால் முழுப் பிரதிகளுக்குச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு தாள் எடுத்துத் தரச் சொல்லி, மஞ்சள் செவ்வகத்தின்மேல் எழுத்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கவில்லை என்றால் Transparency-யை 80-லிருந்து 90-க்கு ஏற்றி, கோப்பை மறுபடி எடுத்துக் கொடுக்கலாம்.