தரையைப் பார்த்து நாட்டைச் சொல்வது

வயல்வெளி, தூரத்தில் பைன் காடு, நடுவே ஒரு பாதை. பெயர்ப்பலகை இல்லை, ஆள் இல்லை, வண்டி இல்லை. இது எந்த நாடு? 2013-இல் வந்த ஜியோகெஸ்ஸர் என்ற இணைய விளையாட்டில் இப்படிச் சாலைப் படத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். கைதேர்ந்தவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று தரை.

இந்தப் படத்தில் பாதை முழுக்க மூடப்படவில்லை. சக்கரம் ஓடும் இரண்டு தடங்களில் மட்டும் கான்கிரீட் ஸ்லாப், நடுவில் புல். ஸ்லாபிலும் வரிசையாகத் துளைகள், அவற்றிலும் புல். பழைய கிழக்கு ஜெர்மனி என்று ஊகிக்கலாம். மேற்கு ஜெர்மனியைப் பிரித்த சுமார் 1,400 கிலோமீட்டர் எல்லையில் காவல் வண்டிகள் ஓட இப்படிப் பதித்தார்கள். தொழிற்சாலையில் வார்த்த ஸ்லாபைக் கொண்டுவந்து இறக்கினால் போதும், ஈர மண்ணிலும் வண்டி புதையாது, மழைநீர் துளை வழியாக இறங்கிவிடும். கூட்டுப்பண்ணை வயல்களுக்குப் போகும் பாதைகளிலும் இதே வகை ஸ்லாப் உண்டு.

ஆனால் போலந்து கிராமங்களிலும் துளைபோட்ட ஸ்லாப் பாதைகள் இருக்கின்றன. அதனால் ஸ்லாபோடு நிறுத்தாமல் கண்ணை மின்கம்பத்துக்கு ஓட்ட வேண்டும். கான்கிரீட் கம்பத்தில் ஏணிபோல் வரிசையாகத் துளைகள் இருந்தால் போலந்தின் பக்கம் சாயலாம். கம்பமே தெரியாவிட்டால் இரண்டில் ஒன்று என்பதோடு நிற்பதுதான் நேர்மை.

செம்மண் இதைவிட ஏமாற்றும். சிவப்பைக் கண்டதும் பலர் ஆப்பிரிக்கா என்பார்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். வெயிலும் மழையும் மிகுந்த இடங்களில் பாறை மக்கி மற்றவை கரைந்தோட, இரும்பு தங்கிவிடுகிறது. உகாண்டாவில் இருப்பது பிரேசிலின் பரானாவிலும் கம்போடியாவிலும் நம் கேரளத்திலும் இருக்கிறது. குளிர்நாடு இல்லை என்றாவது சொல்லலாமா? கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும் செம்மண் சாலைதான். அங்கே காரணம் சிவந்த மணற்கல்.

எனவே சாலையின் ஓரத்தைப் பாருங்கள். வயலும் சாலையும் ஒரே சிவப்பா? அப்படியானால் அது அந்த ஊர் மண். வயல் கறுத்தும் சாலை மட்டும் சிவந்தும் இருந்தால், வேறெங்கோ வெட்டிய செம்மண் சரளையைக் கொட்டிப் பரப்பியிருக்கலாம்; அந்தச் சிவப்பை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. பிறகு வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் உகாண்டாவும் பிரேசிலும் பிரிந்துவிடும்: முன்னதில் இடது, பின்னதில் வலது.

ஒட்டுப்போட்ட தார்ச்சாலையிலும் துப்பு உண்டு. சதுரமாக வெட்டி மூடிய ஒட்டு என்றால் பெரும்பாலும் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டியது. நெளிநெளியாகக் கறுப்புக் கோடுகள் என்றால் வெடிப்பை அடைத்தது. உள்ளே இறங்கிய நீர் உறைந்து விரிந்து சாலையைப் பிளக்கும் குளிர்நாடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். கருங்கல் பாவிய தெருவுக்கு மட்டும் அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். ஐரோப்பாவின் பழைய ஊர்கள் போலவே பிரேசிலின் சிற்றூர்களும் கல் பாவியவைதான்.

படம் எடுத்த ஆண்டு தெரிந்தால் அதையும் பாருங்கள். பத்து வருடம் பழைய படத்தில் இருக்கும் செம்மண் பாதைக்கு இன்று தார் போட்டிருக்கலாம்.