600 என்பது 570 முதல் 630 வரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் தேர்வின் மதிப்பெண் அறிக்கை ஒரு எண்ணோடு நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு வீச்சும் தருகிறது. 200 முதல் 800 வரையுள்ள கணிதப் பிரிவில் 600 எடுத்தவருக்கு அது ஏறக்குறைய 570 முதல் 630 வரை. இந்த 30 எப்படி வருகிறது?

ஒரு மாணவர், படிப்பு கூடாமலும் குறையாமலும், அதே தரத்தில் அமைந்த வேறுவேறு வினாத்தாள்களை எழுதினால் மதிப்பெண் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு தாளில் தெரிந்த கணக்குகளே வந்திருக்கும். இன்னொன்றில் ஊகம் பலித்திருக்கும். அந்த மதிப்பெண்களின் சராசரிதான் மெய் மதிப்பெண். அதைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைச் சொல்வது அளவீட்டுத் திட்டப் பிழை.

யாரையும் நூறு முறை தேர்வு எழுதவைக்க முடியாது. அதனால் பல மாணவர்களின் விடைகளிலிருந்து இரண்டு எண்களை எடுக்கிறார்கள். ஒன்று, மதிப்பெண்களின் திட்ட விலக்கம். மற்றது, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் நம்பகத்தன்மைக் கெழு, r.

```
SEM = SD × √(1 − r)
```

கணக்கு எளிதாக, விலக்கம் 100, கெழு 0.91 என்று கொள்வோம். 0.09-இன் வர்க்கமூலம் 0.3, பிழை 30. எல்லோருக்கும் இப்படி இருபுறமும் 30 வைத்துப் பட்டை வரைந்தால், 100 பேரில் சுமார் 68 பேரின் மெய் மதிப்பெண் அதற்குள் அடங்கும். 95 பேருடையது அடங்க 1.96 மடங்கு வேண்டும். அப்போது 600 என்பது 541 முதல் 659 வரை விரிகிறது. 0.91 நல்ல கெழு; அதிலேயே இவ்வளவு அகலம்.

இரண்டு பிரிவுகளைக் கூட்டினால் பிழை 60 ஆகிவிடாது. ஒன்றில் ஏறியது மற்றதில் இறங்கலாம் என்பதால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண வேண்டும், 42 வரும். மொத்த மதிப்பெண்ணுக்கு அறிக்கை சுமார் 40 தருவதும் இதனால்தான். இரண்டு மாணவர்களை ஒப்பிடும்போதும் அதே 42தான். 600, 640 என்ற இருவரின் இடைவெளி ஒரு திட்டப் பிழையைக்கூட எட்டவில்லை. யார் மேல் என்று இதை வைத்து முடிவுசெய்வது நியாயமே அல்ல.

பட்டைக்கும் எல்லை உண்டு. 30 என்பது எல்லோருக்குமான சராசரிப் பிழை. அளவுகோலின் இரு முனைகளிலும் அது மாறும். 780-க்கு 810 என்ற மேல் எல்லையே கிடையாது. தவிர, வினாக்களின் ஒத்திசைவிலிருந்து வந்த கெழுவுக்கு அன்றைய காய்ச்சல் தெரியாது. கட்டுரை விடையென்றால் திருத்துபவரின் கை தாராளமா இறுக்கமா என்பதும் தெரியாது. அவற்றையும் சேர்த்தால் உண்மையான பட்டை இன்னும் அகலம்.

ஒரு கல்லூரி 620-ஐ வரம்பாக வைத்தால்? மெய் மதிப்பெண் 600 உள்ள மாணவர், புதிதாக எதுவும் கற்காமலே, ஏறத்தாழ நான்கில் ஒரு முறை அதைத் தாண்டிவிடுவார்.