பிரிந்த மனைவி பாலிசியில் இருப்பார், வீட்டுக்கு வந்த குழந்தை இருக்காது: ஃபேமிலி ஃப்ளோட்டர் கணக்கு என்ன?

கணவர் தென்காசியில் இருக்கிறார். மனைவி குற்றாலத்தில் அம்மா வீட்டில். நடுவில் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை. இப்படி ஒரு தம்பதியை உதாரணத்துக்கு வச்சுப்போம். இவர்களுடைய ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருவரும் இன்னும் ஒரே குடும்பம்தான்.

ஏன்னா, பாலிசி யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துப் பாருங்க. குடும்பம் என்றால் சட்டப்படி மணந்த துணை, பெற்றோர், மாமனார் மாமியார், பெற்ற அல்லது சட்டப்படி தத்தெடுத்த குழந்தைகள் என்றுதான் அதில் இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை மனைவி, மனைவிதான். கோர்ட்டே ‘நீதிமுறைப் பிரிவு’ கொடுத்திருந்தாலும் திருமணம் முடிந்துவிடாது.

அப்போ பெயரை எடுக்கவே முடியாதா? முடியும். பாலிசி வருஷத்தின் நடுவில் எடுக்க, பொதுவாகத் தீர்ப்பு நகல் கேட்பார்கள். ரின்யூவல் நேரத்தில் அவ்வளவு கேள்வி இருக்காது. பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர், “இந்த முறை இவர் வேண்டாம்” என்றால் பெரும்பாலும் போதும். சிக்கல் இங்கேதான். பாலிசி தொடர்பான மெசேஜ் எல்லாம் கணவர் போனுக்குத்தான் போகும். பெயர் போனது மனைவிக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுன்டரில்தான் தெரியவரும்.

அவருக்கு என்ன நஷ்டம்? மனைவிக்கு சுகர் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் பாலிசி எடுத்தார்கள், ரெண்டு வருஷம் ஆகிறது என்று வைப்போம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். அதில் 24 மாதம் ஓடிவிட்டது. பெயர் நீங்கிய பிறகு புதுசாக பாலிசி எடுத்தால் 36 மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். தனி பாலிசிக்கு முறைப்படி மாறினால் மீதி 12 மாதம்தான். அதே கம்பெனியில் மாறினால் மைக்ரேஷன், வேறு கம்பெனிக்குப் போனால் போர்ட்டபிலிட்டி. ஃப்ளோட்டரில் இருக்கும் ஒரு நபர் மட்டும்கூட இப்படிப் பிரிந்து போகலாம்.

ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும்போதே கேட்கணும். ரின்யூவலுக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு. தேதி ஜூன் 15 என்றால், மே 1-க்குள். புதுக் கம்பெனி மறுக்கவும் உரிமை உண்டு, அதனால் பழைய கம்பெனியிலும் கேட்டு வையுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், பிரீமியத்தை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி வக்கீலிடம் கேட்கலாம். நகை, பாத்திரம் வரை பட்டியல் போடுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். காரா வழியாகத் தத்தெடுப்பவர்களிடம் உத்தரவு வருவதற்கு முன்பே குழந்தை வந்துவிடும். அதற்குப் பெயர் தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு. 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். விண்ணப்பம் போன இரண்டு மாதத்துக்குள் முடிக்கணும் என்கிறது சட்டம். அதுவரை குழந்தை உங்கள் மடியில் இருக்கும், பாலிசியில் இருக்காது. ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் இந்த இடைவெளிக்கு கவர் உண்டா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

உத்தரவு கைக்கு வந்த அன்றே அதன் நகலோடு கம்பெனிக்கு எழுதிவிடுங்கள். நடுவருஷத்தில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். தவறினால் அடுத்த ரின்யூவல்தான். சேர்த்ததும் குழந்தையின் பெயரோடு எண்டார்ஸ்மென்ட் வரும். அது வராமல் பணம் மட்டும் கட்டியிருந்தால், வேலை முடியவில்லை என்று அர்த்தம். குறைந்தபட்ச வயதும் பாருங்கள், ஆரோக்ய சஞ்சீவனியில் அது மூன்று மாதம்.

பெற்றோர் பல வருஷம் பிரீமியம் கட்டியிருந்தாலும் குழந்தையின் காத்திருப்புக் காலம் புதிதாகத்தான் தொடங்கும். முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கவர். தத்து நிறுவனம் கொடுத்த மருத்துவ அறிக்கையில் இதயத்தில் ஓட்டை என்று ஒரு வரி இருந்தாலும் அதைச் சொல்லியே சேர்க்கணும். மறைத்தால், ஆபரேஷன் சமயத்தில் அந்த அறிக்கையை வைத்தே கிளெய்மை மறுப்பார்கள்.

நம்ம ஊரில் இன்னொன்று சகஜம். அக்கா பிள்ளையைச் சின்ன வயசிலிருந்து வளர்ப்பார்கள், ஸ்கூலில்கூட அப்பா இடத்தில் இவர் பெயர் இருக்கும். பாலிசிக்கு அது போதாது. இந்துக்கள் 1956-ம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டப்படி, பொதுவாகப் பிள்ளைக்கு 15 வயது ஆவதற்குள், முறைப்படி தத்துக் கொடுத்து வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துகொள்ளலாம். மற்ற மதத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்ட வழி இருக்கிறது. எந்த வழியாக இருந்தாலும், பாலிசியில் பெயர் ஏறிய தேதிக்கு முன்னால் ஆன ஆஸ்பத்திரி பில் உங்கள் கையிலிருந்துதான்.